மீட்டர் போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால் பேட்டரியா, ஒயரா?

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரே புகார் வரும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வண்டியை எடுத்தால் செல்ஃப் இழுக்காது, பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்தால் மீட்டர் போர்டு முழுக்க மஞ்சளாக எரியும். ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக், இன்ஜின் எல்லா விளக்கும் சேர்ந்தே வரும். ஸ்கேனரைப் போட்டால் U என்று தொடங்கும் எரர் கோடுகள் வரிசையாக வந்து நிற்கும். யாரோ ஒருவர் "ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சு அண்ணே" என்று சொல்லிவிடுவார், அந்த யூனிட்டின் விலையைக் கேட்டதும் வண்டிக்காரருக்குத் தூக்கம் போய்விடும்.

ஆறு விளக்கு ஒரே நொடியில் எரிந்தால் ஆறு பாகமும் ஒரே நொடியில் கெட்டுப்போயிருக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றில்தான் கோளாறு. அப்படிப் பொதுவாக இருப்பவை மின்சாரம், எர்த், தகவல் போகும் ஒயர் ஆகிய மூன்றுதான். எது என்று கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்டரி இறங்கினால் தகவல் தொடர்பு அறுகிற மாதிரியே, தகவல் ஒயரில் கோளாறு வந்தாலும் பேட்டரி இறங்கிப்போகும். இந்த இரண்டாவது வழியைப் பலரும் யோசிப்பதே இல்லை, அதனால் பேட்டரிக்கு மேல் பேட்டரியாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

ஒரு பெட்டி பேசாவிட்டால் ஏன் எல்லா விளக்கும் எரிகிறது?

இன்றைய காரில் இன்ஜினுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, மீட்டர் போர்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். மெக்கானிக்குகள் மாட்யூல் என்பார்கள், இசியூ என்பார்கள். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பல வண்டிகளில் ஒரு ஜோடி ஒயர் மட்டும்தான் ஓடுகிறது. ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிய ஜோடி அது. இதற்கு கேன் என்று பெயர், பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட முறை. ஒரு ஒயர் கேன் ஹை, இன்னொன்று கேன் லோ.

சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அளப்பது ஏபிஎஸ் மாட்யூல். ஆனால் அந்த எண் அதற்கு மட்டும் தேவைப்படுவதில்லை. ஸ்டீயரிங் எவ்வளவு இலகுவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஸ்டீயரிங் மாட்யூலுக்கு வேண்டும், முள்ளை நகர்த்த மீட்டருக்கு வேண்டும், இன்ஜினுக்கும் வேண்டும். ஒரு நொடிக்குள் பல தடவை அந்த எண் வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றுபோனால் கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு மாட்யூலும் தன் பங்குக்கு ஒரு கோடைப் பதிவு செய்துவிட்டுத் தன் விளக்கைப் போட்டுவிடும்.

ஸ்கேனரில் U0121 என்று வந்தால் "ஏபிஎஸ் மாட்யூலோடு தொடர்பு அறுந்தது" என்று பொருள். U0100 என்றால் இன்ஜின் மாட்யூலோடு, U0131 என்றால் ஸ்டீயரிங் மாட்யூலோடு தொடர்பு இல்லை. இது புகார் சொல்பவரின் வாக்குமூலம் மாதிரிதான். "அவர் பேசவில்லை" என்று சொல்கிறதே தவிர, அவர் ஏன் பேசவில்லை என்று சொல்லவில்லை. அந்த மாட்யூலுக்குக் கரண்ட் வராமல் இருக்கலாம், எர்த் துருப்பிடித்திருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், கடைசியாகத்தான் மாட்யூலே கெட்டிருக்கலாம்.

பேட்டரி வீக் ஆனால் என்ன நடக்கிறது

நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, வண்டி சில மணி நேரம் நின்றபின் அளந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிற்கும்போது அளக்கும் இந்த எண் மட்டும் போதாது. செல்ஃப் அடிக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில்தான் பேட்டரியின் உண்மை தெரியும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த இழுப்பில் வோல்ட் 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும், இல்லாவிட்டால் முனையிலோ எர்த் ஒயரிலோ துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வோல்ட் எட்டு, ஏழு என்று சரியும்போது சில மாட்யூல்கள் அணைந்து மறுபடி எழும், சில தாங்கிக்கொள்ளும். தாங்கியவை, அணைந்தவற்றைப் பற்றிப் புகார் எழுதி வைத்துவிடும். கூடவே P0562, அதாவது வோல்ட் குறைவு என்ற கோடும் பெரும்பாலும் வரும். இது பேட்டரியால் வந்த கோளாறு என்றால் அதை உறுதி செய்வது சுலபம்.

1. கோடுகளை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டுப் பிறகு தேடினால் கிடைக்காது.
2. பேட்டரியை முழுக்க சார்ஜ் போட்டு, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் பாருங்கள். ஸ்டார்ட் ஆனபின் பல வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். சில புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும் என்பதால் அங்கே எண் கொஞ்சம் இறங்கி ஏறலாம்.
3. கோடுகளை அழித்து இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். திரும்ப வரவில்லை என்றால் பேட்டரிதான். அதே U கோடு, நல்ல வோல்ட் இருக்கும்போதே திரும்பி வந்தால் பேட்டரியை விட்டுவிட்டு ஒயரைத் தேட வேண்டும்.

ஜம்ப் கொடுப்பதில் நம் பகுதிக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி பக்கமும் உதவிக்கு நிற்பது பெரும்பாலும் கண்டெய்னர் லாரிதான். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் கொடுக்கும். அதிலிருந்து காருக்கு நேராக ஜம்ப் கொடுத்தால், தொடர்பு மட்டும் அறுந்திருந்த மாட்யூல்கள் நிஜமாகவே எரிந்துபோகும். டிரைவர் நல்ல மனசோடு கேபிளை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு வண்டியின் கதை

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் கடைகளுக்குக் கொடுக்கும் ஒருவரின் ஏழு இருக்கை வண்டி. பின்சீட்டுகளை மடக்கிவிட்டு ஐஸ் போட்ட பெட்டிகளை அடுக்கி ஓட்டுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. திரும்ப எடுத்தபோது பேட்டரி செத்திருந்தது. ஜம்ப் கொடுத்ததும் எல்லா விளக்கும் எரிந்தன, P0562, U0100, U0121, U0131 வந்தன.

இரண்டு மாதம் நின்ற வண்டி, பேட்டரி இறங்கியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 45 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள புதுப் பேட்டரி போட்டார்கள், கோடுகளை அழித்தார்கள், விளக்குகள் அணைந்தன. அந்த நேரத்தில் அது நியாயமான வேலைதான், தப்பு சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் விளக்குகள் மறுபடி வந்தன. அதுவும் எப்போது? சிக்னலில் பிரேக் அழுத்தும்போது. அடுத்து இரண்டு நாள் லோடு இல்லாமல் நிறுத்திவிட்டு எடுத்தால் புதுப் பேட்டரியும் செல்ஃப் இழுக்கவில்லை. பிரேக்கில் வருகிறது, U0121 வருகிறது, ஆகவே ஏபிஎஸ் யூனிட்தான் என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டார்கள். பேட்டரியை கடைக்காரரிடம் கொண்டுபோய் சண்டையும் நடந்தது.

இங்கே தனித்தனியாகத் தெரிகிற இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிரேக்கில் ஏன் விளக்கு வருகிறது? நிறுத்தி வைத்தால் பேட்டரி ஏன் இறங்குகிறது? இரண்டுக்கும் ஒரே பதில் இருக்க முடியுமா என்று கேட்டவுடன்தான் தேடல் சரியான பாதைக்கு வந்தது.

தூங்காத வண்டி

வண்டியைப் பூட்டிவிட்டுப் போனதும் மாட்யூல்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப்போகும். எல்லாம் தூங்கியபின் பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். ஆனால் கேன் ஒயரில் ஏதாவது அசைவு தெரிந்தால் "யாரோ கூப்பிடுகிறார்கள்" என்று நினைத்து எழுந்துகொள்ளும்படிதான் பல மாட்யூல்கள் செய்யப்பட்டிருக்கின்றன. ஒயரில் கசிவு இருந்தால் அந்தப் பொய் அழைப்பு ஓயாமல் வரும். ஒன்று எழுந்தால் அது மற்றவற்றையும் எழுப்பும். விடிய விடிய எல்லாம் விழித்திருக்கும்.

இந்த வண்டியில் பேட்டரியை முழுக்க சார்ஜ் போட்டு, மைனஸ் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, பானெட் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடியது மாதிரி வைத்து, கதவுகளைப் பூட்டி நாற்பது நிமிடம் காத்திருந்தோம். கரண்ட் 0.6 ஆம்பியரிலேயே நின்றது. கணக்குப் போடுங்கள்: 0.6-ஐ 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 14.4 ஆம்பியர் அவர், இரண்டு நாளில் கிட்டத்தட்ட 29. பேட்டரி மொத்தமே 45. போதாக்குறைக்கு, தினமும் சின்னச் சின்ன ஓட்டமாக நெரிசலில் ஏசி போட்டு ஓட்டும் வண்டி, இழந்ததை ஒருபோதும் முழுக்கத் திரும்ப ஏற்றாது. பேட்டரி கடைக்காரர்மேல் ஒரு பிழையும் இல்லை.

இப்படிக் கரண்ட் கசிந்தால் வழக்கமாக ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். இங்கே அது ஏமாற்றும். எந்த ஃப்யூஸைப் பிடுங்கினாலும் கரண்ட் கொஞ்சம்தான் குறைந்தது, ஏனென்றால் விழித்திருந்தது ஒரு மாட்யூல் அல்ல, எல்லாமும்தான். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றிலும் குறைந்தால் தகவல் ஒயரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

மல்டிமீட்டர் சொன்னது

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரை மாட்டும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 6-ம் பின் கேன் ஹை, 14-ம் பின் கேன் லோ, 4-ம் பின் எர்த். சில புதிய வண்டிகளில் நடுவில் ஒரு கேட்வே மாட்யூல் நின்றுகொள்ளும், அங்கே இந்தப் பின்களில் தெரிவது உள்ளே ஓடும் ஒயரின் நிலையாக இருக்காது. இந்த வண்டியில் கேட்வே இல்லை.

1. பூட்டி நாற்பது நிமிடம் கழித்து 6-ம் பின்னை அளந்தோம். தூங்கும் வண்டியில் இது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 2.9 வோல்ட் காட்டியது. வண்டி தூங்கவே இல்லை.

2. இக்னிஷன் ஆன் செய்து இரண்டு பின்னையும் அளந்தோம். நல்ல வண்டியில் ஹை 2.6 பக்கமும் லோ 2.4 பக்கமும் இருக்கும், இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி வரும். இங்கே ஹை 3.4, லோ 3.1, கூட்டினால் 6.5. இரண்டையும் ஏதோ மேலே தூக்குகிறது. ஒயர் அறுந்தால் இப்படி வராது. எர்த்தோடு உரசினால் எண் கீழே இறங்கும். இது மேலே ஏறியிருப்பதால் எங்கோ 12 வோல்ட் ஒயரிலிருந்து கேன் ஒயருக்குக் கசிகிறது.

3. பேட்டரி மைனஸைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, 6-க்கும் 14-க்கும் இடையே ஓம்ஸ் அளந்தோம். கேன் ஒயரின் இரண்டு கடைசி முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் வெளியிலிருந்து அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனைக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யம் வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே 47 வந்தது. அறவும் இல்லை, முழுக்க ஒட்டவும் இல்லை, ஈரம் பட்ட இடத்தில் மெல்லிசாக ஒரு பாலம் இருக்கிறது.

மூன்று அளவும் ஒரே இடத்தைக் காட்டின. கேன் ஜோடியும் எப்போதும் உயிரோடு இருக்கும் 12 வோல்ட் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கனெக்டர், அதில் ஈரம். ஒயரிங் படத்தைப் பார்த்தால் அப்படி ஒன்று இடது முன்பக்கம் கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில், தரை விரிப்புக்கு அடியில் இருந்தது.

விரிப்புக்கு அடியில்

மேலே தொட்டால் விரிப்பு காய்ந்துதான் இருந்தது. தூக்கியதும் மீன் வாடையோடு அடியில் இருந்த ஸ்பாஞ்ச் ஊறிப்போயிருந்தது, பிழிந்தால் தண்ணீர் வந்தது. கனெக்டரைப் பிரித்தால் ஐந்து பின்கள் பச்சை பூத்து, நடுவில் வெள்ளையாக உப்பு படிந்து, 12 வோல்ட் பின்னுக்கும் கேன் ஹை பின்னுக்கும் இடையே பிளாஸ்டிக்மேல் ஒரு கோடு மாதிரி ஓடியிருந்தது.

பின்னால் இருந்த மீன் பெட்டியிலிருந்து கசிந்த, உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் விரிப்புக்கு அடியில் இறங்கித் தேங்கி நின்றிருக்கிறது. பிரேக் அழுத்தும்போது தேங்கிய தண்ணீர் முன்னால் ஓடி கனெக்டரை நனைக்கும், கசிவு கூடும், கேன் பேச்சு குழறும், ஏபிஎஸ் விளக்கு உட்பட எல்லாம் எரியும். வண்டி சமமாக ஓடும்போது தண்ணீர் பின்வாங்கும், கொஞ்ச நேரத்தில் விளக்கும் அணையும். ஏபிஎஸ் யூனிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தடைக்காலத்தில் லோடு இல்லையே, அப்போது எப்படிக் கசிந்தது என்று கேட்கலாம். உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. கடலோரக் காற்றில் உப்பு படிந்த கனெக்டர் முழுக்கக் காய்வதே இல்லை. நல்ல தண்ணீர் பட்ட கனெக்டர் காய்ந்தால் பிழைத்துக்கொள்ளும், உப்புத் தண்ணீர் பட்டது பிழைக்காது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் ஏறி நனைந்த வண்டிக்கும் இந்த வண்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஆனால் சாக்கடை கலந்த வெள்ளத்திலும் உப்பு உண்டு என்பதால் அதையும் காய்ந்துவிட்டது என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

சரிசெய்த விதம்

கனெக்டரைத் துடைத்து மறுபடி மாட்டினால் ஒரு வாரம் ஓடும், அதற்குமேல் தாங்காது. பச்சைத் துரு ஒயருக்குள்ளேயும் ஏறியிருக்கும். செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை ஒயரை வெட்டினோம், இங்கே நான்கு அங்குலம் வரை போக வேண்டியிருந்தது. ரப்பர் சீல் வைத்த புதுக் கனெக்டரைப் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பாடியோடு கட்டினோம். கேன் ஜோடியில் கவனிக்க வேண்டியது, பழைய முறுக்கைக் கனெக்டருக்குப் பக்கம் வரை விடாமல் கொண்டுபோவது. முறுக்கு பிரிந்த நீளம் கூடினால் பக்கத்து ஒயர்களின் இரைச்சல் உள்ளே ஏறும். ஒட்டு போட்ட இடங்களில் உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டோம். கருப்பு இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் பசை இளகி, அடுத்த மழைக்கே தண்ணீரை உள்ளே விட்டுவிடும். இன்னொன்று, ஒயரில் ஊசி குத்தி அளக்காதீர்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த துரு தொடங்கும்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருக்கும், அவை ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் போகிறவை. அதில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, மீட்டரின் சின்னக் கரண்டே அதை வெடிக்க வைக்கலாம். அந்தப் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிக் காத்திருப்பது கட்டாயம்.

வேலை முடிந்தபின் 6-க்கும் 14-க்கும் இடையே 60 ஓம். ஹை 2.6, லோ 2.4. பூட்டி நாற்பது நிமிடத்தில் கரண்ட் 0.03 ஆம்பியர், 6-ம் பின் ஏறக்குறைய பூஜ்யம். அதே பேட்டரியும் அதே ஏபிஎஸ் யூனிட்டும்தான் இன்றும் ஓடுகின்றன. பெட்டிகளுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த தகர ட்ரே ஒன்று செய்து வைத்துக்கொண்டார்.

விளக்குகள் எரியும்போது ஓட்டலாமா?

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலைதான் நின்றிருக்கும். ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் திருப்புவது கனமாகலாம், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆகலாம். ஏர்பேக் விளக்கு எரிந்தால் விபத்தில் அது விரியும் என்று நம்பக் கூடாது. மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். ஆனால் சிவப்பில் பிரேக், ஆயில், சூடு ஆகிய மூன்றில் ஒன்று எரிந்தால் கேன் கோளாறாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

தடைக்காலத்தில் நிற்கும் வண்டிக்கு

எந்தக் கோளாறும் இல்லாத வண்டிகூட 0.03 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் அவர், 61 நாளுக்கு 44. 45 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஏப்ரல் 15-க்கு முன்பே சார்ஜ் முழுக்க ஏற்றி மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். கழற்றும்முன் கதவுப் பூட்டை சாவியால் திறக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ரிமோட் அப்போது வேலை செய்யாது. மீண்டும் மாட்டியதும் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் பல வண்டிகளில் ஒருமுறை இடதும் வலதுமாக முழுக்கத் திருப்பிச் சிறிது தூரம் ஓட்டினாலே அணைந்துவிடும். அப்படியும் அணையாமல் U கோடு வந்தால் பேட்டரி கடைக்குப் போகும் முன் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.